எரிபொருளில் நைட்ரஜன் இல்லை, புகைபோக்கியில் இருக்கிறது: சுடரில் காற்றே தரும் நைட்ரஜன் ஆக்சைடைத் தேடிப் பிடிக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தெற்குப் பகுதியில் உள்ள தொழிற்சாலைகளில் பாய்லர் பர்னர்களைச் சரிபார்ப்பது என் வேலை. இங்குள்ள பாய்லர்கள் பலவற்றில் உள்நாட்டுச் செகுண்டா நகரிலிருந்து குழாய் வழியாக வரும் மீத்தேன் மிகுந்த வாயுதான் எரிகிறது. அந்த வாயுவில் வேதிப்பிணைப்பாக அடங்கிய நைட்ரஜன் ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம். ஆயினும் புகைபோக்கியில் அனலைசர் குழாயைச் செருகினால் 60, 100, சில நாட்களில் 150 பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடு தெரிகிறது. எரிபொருளைக் குறை சொல்ல இடமில்லாத இந்த நிலையில், நைட்ரஜன் வருவது நாம் விசிறி வைத்து உள்ளே தள்ளும் காற்றிலிருந்துதான். அளவு ஏறும்போது எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது என்பதைக் கீழே எழுதுகிறேன். அறிகுறிகளுக்குள் செல்லுமுன், சுடருக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு முறை தெளிவாகப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையும் அந்த ஒரே நிகழ்வின் மேல்தான் நிற்கிறது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் பிணைந்திருக்கின்றன. அதை அறுக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறை உடைக்க 498 கிலோஜூல் போதும். ஆகவே சுடரின் வெப்பத்தில் முதலில் உடைவது ஆக்சிஜன்தான். உடைந்து தனித்து நிற்கும் ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறின் மேல் மோதி அதைப் பிளக்கிறது. ரஷ்ய அறிஞர் செல்தோவிச் 1946இல் விளக்கிய தொடர்வினை இதுவே. மூன்றாவது வரி பின்னர் சேர்க்கப்பட்டது.

```
O + N2 → NO + N
N + O2 → NO + O
N + OH → NO + H
```

முதல் வரிதான் மொத்தத்திற்கும் கடிவாளம். அதைத் தாண்ட மோலுக்கு ஏறத்தாழ 319 கிலோஜூல் ஆற்றல் தடை இருக்கிறது. அதில் பிறக்கும் நைட்ரஜன் அணு சும்மா இருப்பதில்லை. அடுத்த கணமே ஆக்சிஜனையோ ஹைட்ராக்சிலையோ பற்றி இன்னொரு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறை உண்டாக்கிவிடுகிறது. எனவே முதல் வரி ஒரு முறை நடந்தால் இரண்டு மூலக்கூறுகள் கிடைத்ததாகக் கணக்கு.

இந்த உயர்ந்த தடையின் விளைவை எண்களில் பார்த்தால்தான் மனதில் நிற்கும். இரண்டு சதவீத ஆக்சிஜன் மிச்சமிருக்கும் சூடான வாயுவில், ஆக்சிஜன் அணுக்கள் சமநிலையில் இருப்பதாகக் கொண்டு, வழக்கமான வினைவேக மாறிலியை வைத்துக் கணக்கிட்டேன். 1800 கெல்வினில் ஒரு மில்லிவினாடியில் உண்டாவது சுமார் 0.015 பிபிஎம். 2000 கெல்வினில் அது 0.65. 2200 கெல்வினில் 14. வெப்பநிலை 400 பாகை கூடியதற்கு வேகம் ஏறக்குறைய 900 மடங்கு பெருகியிருக்கிறது. 2200 கெல்வின் பக்கத்தில் ஏறத்தாழ 50 பாகைக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுடரின் முகப்பில் ஆக்சிஜன் அணுக்கள் சமநிலையைவிட அதிகமாக இருக்கும் என்பதால் உண்மை வேகம் அங்கே இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனால் வெப்பநிலையின் மேல் உள்ள இந்தக் கூர்மை மாறாது.

எரிபொருளே இல்லாமல் இது நடக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. நார்வேயில் பிர்க்கெலாண்டும் ஐடேயும் 1903இல் உருவாக்கிய முறையில் வெறும் காற்றை மின்வில்லுக்குள் செலுத்திச் சட்டென்று குளிர்வித்தார்கள். வெளியே வந்த வாயுவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் நைட்ரிக் ஆக்சைடு இருந்தது. அதிலிருந்து உரமே செய்தார்கள். அவர்கள் வேண்டிச் செய்ததை நாம் வேண்டாமல் செய்துகொண்டிருக்கிறோம். குளிர்விப்பதில் அவர்கள் காட்டிய அவசரமும் கவனிக்கத்தக்கது. சூடாக இருக்கும்போது உண்டான ஆக்சைடு, வாயு மெல்லக் குளிர்ந்தால் ஓரளவு திரும்பச் சிதைந்துவிடும். விரைந்து குளிர்ந்தால் சிதையும் வினையும் நின்றுபோய், உண்டானது அப்படியே உறைந்துவிடும். பாய்லர் குழாய்களுக்குள் நுழையும் புகைவாயுவுக்கும் அதே கதிதான். ஆகவே புகைபோக்கியில் நாம் படிக்கும் எண், சில கணங்களுக்கு முன் சுடரின் மிகச் சூடான இடத்தில் எழுதப்பட்டது. வழியில் அதை யாரும் திருத்துவதில்லை.

அறிகுறி: உலையின் வெப்பமானி 1100 பாகை செல்சியஸ் காட்டுகிறது, நைட்ரிக் ஆக்சைடோ 100 பிபிஎம்முக்கு மேல் நிற்கிறது

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. 1500 பாகை செல்சியஸுக்குக் கீழே இந்த வினை பொருட்படுத்தத் தக்க அளவில் நடக்காது என்று படித்தவர்கள், தங்கள் உலை 1100 பாகையில்தானே இருக்கிறது என்று அனலைசரைச் சந்தேகிக்கிறார்கள். அனலைசரில் பெரும்பாலும் குற்றமில்லை. வெப்பமானி காட்டுவது, அது செருகப்பட்ட இடத்தில் சுவருக்கும் வாயுவுக்கும் நடுவே அது அடைந்த சராசரி. நைட்ரிக் ஆக்சைடுக்குச் சராசரி ஒரு பொருட்டே அல்ல.

மேலே சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம். வாயுவில் 95 பங்கு 1800 கெல்வினிலும் மீதி 5 பங்கு 2200 கெல்வினிலும் தலா 10 மில்லிவினாடி இருக்கின்றன என்க. குளிர்ந்த பெரும்பகுதி 10 மில்லிவினாடியில் தருவது 0.15 பிபிஎம், அதன் பங்கை மொத்தத்தில் கலந்தால் 0.14. சூடான சிறுபகுதி தருவது 140 பிபிஎம். அதை மொத்தத்தில் கலந்தால் 7. நூற்றில் ஐந்து பங்கு வாயு, ஏறக்குறைய எல்லா ஆக்சைடையும் தந்திருக்கிறது. மீத்தேனும் காற்றும் சரியான அளவில் கலந்து வெப்ப இழப்பின்றி எரிந்தால் 2220 கெல்வினை எட்டும். எனவே எந்த வாயுப் பர்னரிலும் அப்படிப்பட்ட சிறு பகுதிகள் இருக்கவே செய்யும்.

ஆகவே தேட வேண்டியது உலையின் வெப்பத்தை அல்ல, சுடரின் கூர்முனையை. பார்வைத் துளை வழியாகப் பாருங்கள். பர்னர் முகப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் சுடர் குட்டையாக, கண்ணைக் கூசவைக்கும் வெளிர்நீலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே ஒரு வாயுத் துளை அரித்துப் பெரிதாகியிருக்கலாம், அல்லது சுழல்தட்டின் இதழ் வளைந்திருக்கலாம். துளைகளை ஊசி அளவியால் ஒவ்வொன்றாக அளந்து வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். இதற்குச் சுருக்கு வழி எதையும் நான் கண்டதில்லை.

இதற்கு நேர் எதிரான குழப்பம் ஒன்றும் உண்டு. கணினியில் சமநிலைக் கணக்குப் போட்டுப் பார்த்து, 2000 பிபிஎம்முக்கு மேல் வர வேண்டுமே, நமக்கு 100தான் வருகிறதே என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். சமநிலை என்பது வாயுவை அந்த வெப்பத்திலேயே நீண்ட நேரம் வைத்திருந்தால் போய்ச் சேரும் இடம். சுடரில் கிடைக்கும் நேரம் மில்லிவினாடிகள். வினை பாதி வழிகூடப் போகுமுன் வாயு குளிர்ந்துவிடுகிறது. அந்த எண்ணை எல்லைக்கல்லாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். பர்னரின் தரத்துக்கு அது அளவுகோல் ஆகாது.

அறிகுறி: காற்றைக் கூட்டியதும் எண் இறங்கிவிட்டது

இதில் ஏமாறுவது எளிது. டாம்பரைத் திறந்து காற்றைக் கூட்டினால் புகைவாயு நீர்த்துப்போகும். உண்டான ஆக்சைடு குறையாமலேயே பிபிஎம் குறைந்து தெரியும். ஆகையால் எந்த அளவீட்டையும் குறிப்பு ஆக்சிஜன் அளவுக்கு மாற்றாமல் இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. வாயு எரிபொருளுக்கு அந்தக் குறிப்பு வழக்கமாக 3 சதவீதம்.

```
NO(3%) = NO × (20.9 − 3) / (20.9 − O2)
```

ஒரு பாய்லரில் ஆக்சிஜன் 3 சதவீதமாக இருந்தபோது 110 பிபிஎம், காற்றைக் கூட்டி ஆக்சிஜன் 7 ஆனபோது 84 பிபிஎம் என்று பதிவேட்டில் எழுதி, பக்கத்தில் மகிழ்ச்சியோடு ஒரு குறியும் போட்டிருந்தார்கள். 84ஐ 17.9ஆல் பெருக்கி 13.9ஆல் வகுத்தால் 108 வருகிறது. ஒன்றும் குறையவில்லை, கூடுதல் காற்றைச் சூடாக்கிப் புகைபோக்கி வழியே வெளியே அனுப்பியதற்கான எரிபொருள் செலவுதான் மிச்சம்.

திருத்திய எண் எப்படி நகர்கிறது என்பதில் பர்னரின் வகை தெரிந்துவிடும். வாயுவும் காற்றும் முன்கூட்டியே கலந்து எரியும் பர்னரில் காற்றைக் கூட்டினால் சுடர் முழுவதுமே குளிர்கிறது. திருத்திய எண்ணும் செங்குத்தாக இறங்கும். வாயுவும் காற்றும் முகப்பில்தான் சந்திக்கின்றன என்றால், நாம் எவ்வளவு காற்று விட்டாலும் சுடர் தனக்கு வேண்டிய விகிதத்தைத் தானே தேடிக்கொண்டு அந்தப் படலத்தில் உச்ச வெப்பத்தில்தான் எரியும். அங்கே காற்றைக் கொஞ்சம் கூட்டுவது, சூடான பகுதிக்கு ஆக்சிஜனைக் கொண்டுசேர்த்து எண்ணை ஏற்றவும் செய்யும். காற்றைக் குறைப்பதும் முடிவில்லாத வழி அல்ல: கார்பன் மோனாக்சைடு திடீரென்று எகிறும் புள்ளி ஒன்று உண்டு, அதற்கு மேலே பாதுகாப்பான இடைவெளி விட்டே நிற்க வேண்டும்.

அறிகுறி: யாரும் எதையும் தொடவில்லை, ஒரு நாள் மட்டும் எண் ஏறி மறுநாள் இறங்கிவிட்டது

பர்னரைப் பிரிப்பதற்கு முன் வெளியே போய்க் காற்றைப் பாருங்கள். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு குளிர்காலங்கள் ஆயின.

டர்பனில் பிப்ரவரி மாதத்துப் புழுக்கத்தில், 28 பாகையும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், ஒரு கிலோ உலர்காற்றோடு சுமார் 19 கிராம் நீராவி சேர்ந்து வருகிறது. ஆகஸ்டில் உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் பெர்க் காற்று வீசும் நாளில் வெப்பநிலை 30 பாகையாக இருக்கலாம். ஆனால் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அப்போது நீராவி 4 கிராம் மட்டுமே. இரண்டு நாட்களிலும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது நீராவி மட்டும். அந்த 15 கிராம் நீராவி சுடருக்குள் போனால், எரிவதற்கு எதையும் தராமல் வெப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் சுமையாக இருந்து உச்சத்தைச் சில பத்துப் பாகை இறக்குகிறது. சுமை இல்லாத நாளில் உச்சம் ஏறுகிறது. 50 பாகைக்கு ஒரு முறை இரட்டிக்கும் வினைக்கு அந்தச் சில பத்துப் பாகை போதும்.

எரிவாயு டர்பைன்களுக்கு இதைத் திருத்த ஒரு வாய்பாடு நெடுநாளாகப் பழக்கத்தில் இருக்கிறது: ஈரப்பத வேறுபாட்டை 19ஆல் பெருக்கி e-இன் அடுக்காக எடுப்பது. 0.015 வேறுபாட்டுக்கு அது 1.33 தருகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு உயர்வு. பாய்லருக்கு அந்த வாய்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். திசையையும் பருமனையும் அறிய அது போதும். பதிவேட்டில் நைட்ரிக் ஆக்சைடு பக்கத்திலேயே உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பநிலைகளுக்கு இரண்டு கட்டங்கள் போட்டுவிட்டால் இந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும். சோதனை எளிது: ஆக்சிஜன் அளவு மாறாமல் இருக்க, பெர்க் காற்று நின்று கடற்காற்று திரும்பிய மறுநாள் எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டால், பர்னரில் குற்றமில்லை. ஆக்சிஜனும் சேர்ந்து மாறியிருந்தால் மட்டும் வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

காற்றை முன்சூடாக்கும் அமைப்பு உள்ள இடங்களில் இதே நிகழ்வு தலைகீழாக வரும். காற்றை 100 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் சுடரின் உச்சம் சுமார் 50 பாகை ஏறுகிறது. வெப்பமாற்றியைச் சுத்தம் செய்த மறுநாள் எண் ஏறினால் அதற்குக் காரணம் அந்தச் சுத்தம்தான்.

அறிகுறி: எண் ஒரேயடியாக இரட்டித்துவிட்டது, கார்பன் மோனாக்சைடு நன்றாகவே இருக்கிறது

கார்பன் மோனாக்சைடு ஏறாமல் நைட்ரிக் ஆக்சைடு மட்டும் இரட்டித்தால், எரிதல் கெடவில்லை. சுடர் முன்பைவிட நன்றாக, அதாவது அதிகச் சூட்டோடு எரிகிறது. அதைக் குளிர்வித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது. ஈரம் இல்லையென்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது புகைவாயு மறுசுழற்சி, அதாவது புகைவாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி எரிகாற்றோடு கலந்து சுடரைக் குளிர்விக்கும் ஏற்பாடு.

உணவுப்பொருள் தொழிற்சாலை ஒன்றில், மணிக்கு 6 டன் நீராவி தரும் மூன்று சுற்றுப் பாய்லரில், இப்படி ஒரு முறை நேர்ந்தது. பர்னரை நிறுவிய நாளின் தாளில் முழுச் சுமையில் 58 பிபிஎம் என்று இருந்தது. இப்போது அனலைசரில் ஆக்சிஜன் 3.2, நைட்ரிக் ஆக்சைடு 120, கார்பன் மோனாக்சைடு 8. மூன்று சதவீதத்துக்குத் திருத்தினால் 121. தொழிற்சாலையில் அதற்குள் வாயு ரெகுலேட்டரை மாற்றியிருந்தார்கள், பர்னர் முகப்பையும் கழற்றிச் சுத்தம் செய்திருந்தார்கள். எண் அசையவில்லை.

முதலில் 100 பிபிஎம் சிலிண்டரை அனலைசருக்குக் கொடுத்தேன், 98 காட்டியது. கருவியில் குற்றமில்லை. பிறகு சுமையைப் பாதியாக இறக்கச் சொன்னேன். எண் 74க்கு விழுந்தது. சுமையோடு இவ்வளவு ஆடுகிறது என்றால் இது வெப்பத்தால் பிறக்கும் ஆக்சைடுதான். அன்று வானம் மூடியிருந்தது, புழுக்கம் இருந்தது; காற்றின் மேல் பழி போட வழியில்லை.

என்னோடு சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த இளைஞர் கட்டுப்பாட்டுத் திரையைக் காட்டினார். "அண்ணா, மறுசுழற்சி டாம்பர் 42 சதவீதம் திறந்துதான் இருக்கிறது. நிறுவின தாளிலும் 42தான் போட்டிருக்கிறது. அதை எதற்குப் பார்க்கிறீர்கள்?"

"திரை காட்டுவது மோட்டார் போன இடம் தம்பி. தகடு எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பர்னருக்குக் காற்று போகும் பெட்டியான விண்ட்பாக்ஸைக் கேட்போம், அது பொய் சொல்லாது" என்றேன்.

மறுசுழற்சி நடக்கிறதா என்பதை அறிய இரண்டு வழிகள் உள்ளன, இரண்டும் மலிவானவை. ஒன்று வெப்பம். பாய்லர் அறைக் காற்று 26 பாகை. புகைவாயு 205 பாகை. நூறு பங்கு காற்றோடு 15 பங்கு புகைவாயு கலந்தால், கலவை ஏறக்குறைய 49 பாகைக்குப் போக வேண்டும். விசிறி தரும் சூடு இரண்டொரு பாகை. நிறுவிய தாளில் விண்ட்பாக்ஸ் 51 என்று சரியாகவே இருந்தது. இப்போது 29. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோதே தெரிந்தது. முன்பு ஒரு நிமிடம் வைத்திருக்க முடியாத சூடாக இருந்த தகடு, வெறும் சுவரைப் போலக் குளிர்ந்திருந்தது.

இன்னொரு வழி ஆக்சிஜன். அனலைசர் குழாயை விண்ட்பாக்ஸின் சோதனைத் துளையில் செருகினால், உள்ளே போகும் காற்றில் எவ்வளவு புகைவாயு கலந்திருக்கிறது என்று கணக்கிடலாம்.

```
R = (20.9 − O2_windbox) / (O2_windbox − O2_flue)
```

தாளில் விண்ட்பாக்ஸ் 18.6, புகைபோக்கி 3.1, அதன்படி R 0.148, அதாவது ஏறக்குறைய 15 சதவீதம். இப்போது விண்ட்பாக்ஸ் 20.8, புகைபோக்கி 3.2; R 0.006 மட்டுமே. திரை 42 என்று சொன்னாலும் புகைவாயு உள்ளே போகவில்லை.

டாம்பரின் அச்சு முனையில் தகட்டின் திசையைக் காட்டும் ஒரு கீறல் இருக்கும். மோட்டாரை 0க்கும் 90க்கும் ஓட்டச் சொல்லி அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மோட்டாரின் கை சுழன்றது, கவ்வி சுழன்றது, கீறல் அசையவில்லை. கவ்வியின் திருகு தளர்ந்து அச்சின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் திருகு தானாகத் தளரவில்லை என்பது கழற்றிய பின்தான் தெரிந்தது. தகட்டின் பேரிங் துருவேறி இறுகியிருந்தது. பாய்லர் குளிர்ந்த நிலையில் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாயில் புகைவாயுவின் நீராவி படிந்து நீராகிறது. குழாயின் தாழ்ந்த இடத்தில் வடிகால் இல்லாததால் அது பேரிங்கில்தான் தேங்கியிருக்கிறது. மோட்டார் இறுகிய தகட்டோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் கவ்விதான் தோற்றிருக்கிறது. கவ்வியை மட்டும் இறுக்கிவிட்டுப் போயிருந்தால் சில வாரங்களில் மறுபடி கூப்பிட்டிருப்பார்கள்.

பேரிங்கை மாற்றி, தாழ்ந்த இடத்தில் வடிகால் வைத்து, பாய்லரை முழுச் சுமைக்குக் கொண்டுவந்தபோது விண்ட்பாக்ஸ் 50 பாகை, ஆக்சிஜன் 18.7, R 0.142. நைட்ரிக் ஆக்சைடு 61.

இந்த இடத்தில் ஒரு கேள்வி நியாயமாக எழும். பதினைந்து சதவீதம் குளிர்ந்த வாயுவைக் கலந்தால் சுடரின் உச்சம் காகிதக் கணக்கில் 150 பாகைக்கு மேல் இறங்க வேண்டும். 50 பாகைக்கு ஒரு இரட்டிப்பு என்றால் எண் எட்டில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டுமே, ஏன் பாதியாக மட்டும் குறைந்தது? இரண்டு காரணங்கள். கலவை சீராக இருப்பதில்லை. சில இழைகளுக்குப் புகைவாயு அதிகமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேர்கிறது, குறைவாகப் போன இழைதான் எண்ணைத் தீர்மானிக்கிறது. அடுத்து, மிச்சம் நிற்கும் ஆக்சைடில் ஒரு பகுதி இந்த வழியில் பிறந்ததே அல்ல. அதைப் பற்றிக் கீழே.

மறுசுழற்சியைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் சுடர் முகப்பிலிருந்து விலகி, உலை உறுமத் தொடங்கும். தகட்டுச் சுவர்கள் அதிர்வதைக் கையால் உணரலாம். உறுமல் கேட்டால் அங்கிருந்து பின்வாங்கியே ஆக வேண்டும்.

அறிகுறி: சுடரைக் குளிர்வித்தும் எண் இறங்கவே இல்லை

மறுசுழற்சி ஓடுகிறது, விண்ட்பாக்ஸ் சூடாக இருக்கிறது, சுமையைக் குறைத்துப் பார்த்தாயிற்று. எண் ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டு அசைய மறுக்கிறது. வெப்பநிலைக்கு இணங்காத ஆக்சைடு, செல்தோவிச் வழியில் வந்தது அல்ல.

வாயுச் சுடரில் இன்னொரு வழி இருப்பதை 1971இல் ஃபெனிமோர் காட்டினார். எரியத் தொடங்கும் படலத்திலேயே, ஹைட்ரோகார்பன் உடைந்து வரும் CH போன்ற துணுக்குகள் காற்றின் நைட்ரஜனை நேரடியாகப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு உயர்ந்த தடை இல்லை, நீண்ட நேரமும் வேண்டாம். நைட்ரஜன் காற்றுடையதுதான், ஆனால் காற்றைச் சூடாக்கினால் மட்டும் இது நடக்காது. கார்பன் உள்ள எரிபொருள் வேண்டும். சுத்த ஹைட்ரஜன் சுடரில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆனால் அதன் உச்ச வெப்பம் மீத்தேனைவிட 150 பாகை கூடுதல் என்பதால் முதல் வழி அகலத் திறந்துகொள்கிறது. வாயுப் பர்னரில் சில பத்து பிபிஎம்முக்குக் கீழே மறுசுழற்சி பலன் தராமல் நின்றால், எஞ்சியது பெரும்பாலும் ஃபெனிமோர் வழி. எரிபொருள் மிகுந்த பகுதிகளில்தான் அது செழிக்கும். எனவே அங்கே கலவையைச் சீராக்குவதுதான் பயன் தரும்.

எண் பல நூறு பிபிஎம்மில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. முதலில் என்ன எரிகிறது என்று பாருங்கள். வாயு வராத நாட்களில் உலை எண்ணெய்க்கு மாறும் பாய்லர்கள் இங்கே உண்டு. எண்ணெயில் எடைக்கு 0.3 சதவீதம் நைட்ரஜன் பிணைப்பில் இருந்தால், அது முழுவதும் மாறினால் 3 சதவீத ஆக்சிஜனில் ஏறக்குறைய 400 பிபிஎம். பாதிக்குக் குறைவாக மாறினாலும் 150ஐத் தாண்டிவிடும். அந்த நைட்ரஜனுக்கு முப்பிணைப்பு இல்லை, ஆகவே சுடரைக் குளிர்வித்தாலும் அது பெரிதாக அஞ்சுவதில்லை. குழாய் வாயுவில் கலந்திருக்கும் நைட்ரஜன் மூலக்கூறை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது காற்றில் உள்ளதைப் போலவே முப்பிணைப்போடு இருப்பது.

எண்ணெய் வால்வு மூடியிருப்பதாகத் திரை காட்டிய ஒரு பாய்லரில், வாயு எரியும்போதே எண் 90 பிபிஎம் கூடி நின்றது. சுமையை மாற்றினேன், மறுசுழற்சியை மாற்றினேன், அந்தக் கூடுதல் மட்டும் அசையவில்லை. பார்வைத் துளையில் நீலச் சுடரின் நடுவே மஞ்சள் கோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் குழலின் கைவால்வை மூடிய அரை நிமிடத்தில் கோடும் மறைந்தது, கூடுதலும் மறைந்தது.